அந்த 56 எண்களைத் தூக்கி எறியுங்கள்

ஒரு குடியிருப்பில் ஒரே ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்கள் 100 பேர். குலுக்கலில்தான் முடிவு. விண்ணப்பம் வந்து சேர்ந்த வரிசையில் 1 முதல் 100 வரை டோக்கன் கொடுத்தாயிற்று. சீட்டு எழுதிக் குடத்தில் போடுவதற்குப் பதிலாக ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிடலாம் என்று யாரோ சொல்கிறார்கள். இயங்குதளத்தின் ராண்டம் மூலத்திலிருந்து ஒரு பைட் வாங்க வேண்டும். அதை 100ஆல் வகுத்தால் வரும் மீதியோடு 1 கூட்ட வேண்டும். அதுதான் வென்ற டோக்கன். பைத்தானில் ஒரே வரி:

```python
token = os.urandom(1)[0] % 100 + 1
```

இந்த வரியில் வழக்கமான குற்றங்கள் எதுவும் இல்லை. `os.urandom` நம்பகமான மூலம். அடுத்து என்ன பைட் வரும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. விடையும் எப்போதும் 1க்கும் 100க்கும் இடையில்தான் இருக்கும். பத்து முறை ஓட்டிப் பார்த்தால் பத்தும் தாறுமாறாகவே வரும். ஆனாலும் இந்தக் குலுக்கல் நியாயமானது அல்ல. முதலில் விண்ணப்பித்த 56 பேரில் ஒவ்வொருவருக்கும், பின்னால் வந்த 44 பேரில் ஒருவருக்கு இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு மாடுலோ சாய்வு என்று பெயர். இது ராண்டம் மூலத்தின் குறை அல்ல. மூலம் அப்பழுக்கில்லாமல் இருந்தாலும், அது தரும் எண்ணை நமக்கு வேண்டிய வரம்புக்குள் கொண்டுவரும் கடைசிப் படியில் நாமே புகுத்தும் பாரபட்சம் இது.

எண்ணிப் பார்த்தாலே போதும்

ஒரு பைட்டில் 8 பிட்கள். ஆகவே அது 0 முதல் 255 வரை 256 மதிப்புகளில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் வருவதற்கான வாய்ப்பு 256இல் 1. இந்த 256 மதிப்புகளையும் 100ஆல் வகுத்து மீதியை வரிசையாக எழுதிப் பாருங்கள். 0 முதல் 99 வரையிலான மதிப்புகள் அப்படியே 0 முதல் 99 ஆகின்றன. 100 முதல் 199 வரையிலானவை மறுபடியும் 0 முதல் 99 ஆகின்றன. இதுவரை யாருக்கும் குறை இல்லை, ஆளுக்கு இரண்டு. அடுத்து 200இலிருந்து 255 வரை 56 மதிப்புகள் மிச்சம் இருக்கின்றன. அவை 0 முதல் 55 வரை மட்டும் போய்ச் சேருகின்றன. 56இலிருந்து 99 வரை உள்ளவர்களுக்கு மூன்றாவது சுற்று வருவதற்குள் பைட் தீர்ந்துவிடுகிறது.

எனவே டோக்கன் 1 முதல் 56 வரை ஒவ்வொன்றுக்கும் 256இல் 3 பங்கு வாய்ப்பு, அதாவது சுமார் 1.17 சதவீதம். டோக்கன் 57 முதல் 100 வரை ஒவ்வொன்றுக்கும் 256இல் 2 பங்கு, சுமார் 0.78 சதவீதம். நியாயமாகக் கிடைக்க வேண்டியது எல்லோருக்கும் சரியாக 1 சதவீதம்.

இந்தச் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். மீதி வாங்கும்போது கூடுதல் பங்கு சிறிய எண்களுக்கே போகும். நம் பட்டியல்களிலோ சிறிய எண் என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பொருள் உடையது: முதலில் வந்தவர், அகர வரிசையில் முன்னால் நிற்பவர், பழைய உறுப்பினர். மறு மாதம் இன்னொரு வீட்டுக்கு அதே புரோகிராமை ஓட்டினால் அதே பக்கத்தினர்தான் மறுபடி சலுகை பெறுவார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் கூடிக்கொண்டே போகும் பிழை இது.

வேறு சூத்திரம் போட்டால் சரியாகிவிடுமா?

இதைக் கேட்டதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, மீதி வாங்குவதுதான் தவறு, அதை விட்டுவிட்டு விகிதப்படி சுருக்கிவிடலாம் என்பது. பைட்டை 100ஆல் பெருக்கி 256ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டால் 0 முதல் 99 வரை ஓர் எண் கிடைக்கும். செய்து பாருங்கள். பைட் 0, 1, 2 ஆகிய மூன்றும் 0 ஆகின்றன. 3, 4, 5 ஆகியவை 1 ஆகின்றன. 6, 7 இரண்டு மட்டும் 2 ஆகின்றன. 8, 9, 10 மூன்றும் 3 ஆகின்றன. இப்படியே போனால் கடைசியில் 56 எண்களுக்கு மூன்று பங்கும், 44 எண்களுக்கு இரண்டு பங்கும் கிடைத்திருக்கும். சலுகை பெற்றவர்கள் முன்வரிசையில் கூட்டமாக நிற்காமல் பட்டியல் முழுக்கப் பரவி நிற்கிறார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கை மாறவில்லை.

மாறவும் முடியாது. பந்திக்கு 100 பேர் உட்கார்ந்திருக்க, கையில் 256 லட்டு இருக்கிறது. லட்டை உடைக்கக் கூடாது, மிச்சமும் வைக்கக் கூடாது என்றால் எந்த வரிசையில் பரிமாறினாலும் சிலருக்கு ஒன்று கூடத்தான் விழும். எந்தச் சூத்திரம் போட்டாலும் அது பரிமாறும் வரிசையை மாற்றுவதுதான்.

அப்படியானால் ஒரு பைட்டுக்குப் பதில் இரண்டு, நான்கு, எட்டு பைட் வாங்கினால்? அப்போதும் சாய்வு சுருங்கும், மறையாது. `k` பிட் வாங்கினால் மொத்த மதிப்புகள் 2^k. எந்தச் சூத்திரம் போட்டாலும் ஒரு டோக்கனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, ஏதோ ஒரு முழு எண்ணை 2^kஆல் வகுத்ததாகவே இருக்க முடியும். நமக்கு வேண்டியது நூறில் ஒன்று. அது அமைய வேண்டுமானால் 2^k என்ற எண் 100ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 100க்குள் 5 என்ற காரணி இருக்கிறது. இரண்டை மட்டுமே மீண்டும் மீண்டும் பெருக்கிப் பெற்ற எண்ணை 5 ஒருநாளும் வகுக்காது. `k` எட்டாக இருந்தாலும் எட்டாயிரமாக இருந்தாலும் இதே கதைதான்.

இந்த விஷயத்தின் மையமே இதுதான். வரம்பின் அளவு 2, 4, 8, 16 போல இரண்டின் அடுக்காக இல்லாவிட்டால், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிட்களை வாங்கி, எதையும் வீசாமல், துல்லியமான சமவாய்ப்பைத் தரும் சூத்திரம் கிடையாது. புத்திசாலித்தனம் போதாததால் அல்ல. கணக்கு இடம் தராததால். துல்லியம் வேண்டுமானால் சில மதிப்புகளை ஏற்காமல் திரும்பக் கேட்கத்தான் வேண்டும்.

ஏற்பதும் தள்ளுவதும்

வழி நேரானது. மிச்சமான 56 மதிப்புகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். 200 அல்லது அதற்கு மேல் ஒரு பைட் வந்தால், அது வராதது போலவே பாவித்து, புதிதாக இன்னொரு பைட் வாங்குங்கள். 200க்குக் குறைவாக வந்தால் மட்டும் 100ஆல் வகுத்து மீதியை எடுங்கள். இப்போது ஏற்கப்படும் 200 மதிப்புகளும் 100 பேருக்கு ஆளுக்கு இரண்டாகச் சரியாகப் பிரிகின்றன. ஏற்று-தள்ளும் இந்த உத்தியை ஜான் வான் நியூமன் 1951இல் வெளியான தம் கட்டுரையில் விவரித்திருக்கிறார்.

```python
import os

def below(n):                  # 1 <= n <= 256
    limit = 256 - 256 % n
    while True:
        r = os.urandom(1)[0]
        if r < limit:
            return r % n
```

`256 % n` என்பது மிச்சமாகும் மதிப்புகளின் எண்ணிக்கை. அதை 256இலிருந்து கழித்தால், `n`ஆல் மீதியில்லாமல் வகுபடும் மிகப் பெரிய எல்லை கிடைக்கிறது. `n` 100 என்றால் மிச்சம் 56, எல்லை 200. `n` 64 என்றால் மிச்சம் 0, எல்லை 256. எதையும் தள்ள வேண்டியதில்லை. டோக்கன் வேண்டுமானால் `below(100) + 1`. பொதுவாக `lo` முதல் `hi` வரை இரு முனைகளும் உட்பட ஓர் எண் வேண்டுமானால் `lo + below(hi - lo + 1)`. அந்த `+ 1` விடுபட்டால் கடைசி டோக்கன்காரருக்கு வாய்ப்பே இல்லாமல் போகும்.

இதைப் பார்த்ததும் வரும் நியாயமான அச்சம், லூப் முடியாமலே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பது. நம் கணக்கில் ஒரு பைட் தள்ளப்படும் வாய்ப்பு 256இல் 56, ஏறக்குறைய 22 சதவீதம். சராசரியாக ஒரு விடைக்கு 256ஐ 200ஆல் வகுத்த அளவு, அதாவது 1.28 பைட் செலவாகும். மிக மோசமான `n` 129தான்: 127 மதிப்புகள் தள்ளப்படும். அங்கேகூடத் தள்ளும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. சராசரிச் செலவு இரண்டு பைட்டைத் தாண்டாது. தொடர்ந்து 20 முறை தள்ளப்படும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. லூப் உண்மையிலேயே முடியாமல் நின்றால், ராண்டம் மூலமே பழுதாகி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தருகிறது என்று பொருள். அந்த நிலையில் குலுக்கல் நின்றுபோவதே நல்லது.

திருத்தம் என்ற பெயரில் வரும் பிழைகள்

தத்துவம் எளிது என்றாலும், எழுதும்போது எல்லையில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முடிவில்லாத லூப்புக்குப் பயந்து, ஒருமுறை மட்டும் மறுபடி வாங்கிவிட்டு இரண்டாவது பைட்டைச் சோதிக்காமல் `% 100` போடுவது ஒரு வகை. அந்த இரண்டாவது பைட் பழைய பாரபட்சத்தை அப்படியே சுமந்து வருகிறது. கணக்குப் போட்டால், முன்வரிசை டோக்கனுக்கு 1.038 சதவீதமும் பின்வரிசை டோக்கனுக்கு 0.952 சதவீதமும் வருகிறது. ஒன்றரை மடங்காக இருந்த வித்தியாசம் 9 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, நீங்கவில்லை.

`r < limit` என்பதற்குப் பதில் `r <= limit` என்று எழுதிவிடுவது இன்னொரு வகை. அப்போது 200 என்ற மதிப்பும் உள்ளே வந்துவிடும். அதன் மீதி 0. ஆக டோக்கன் 1க்கு மட்டும் மூன்று பங்கு, மற்ற 99 பேருக்கும் இரண்டு. ஒரே ஓர் எழுத்தால் ஒரே ஒருவருக்கு ஒன்றரை மடங்கு வாய்ப்பு. பட்டியலில் முதலில் இருப்பவருக்கு.

மூன்றாவது, சி மொழியில் மட்டும் வருவது, கொஞ்சம் நுட்பமானது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் `arc4random_uniform` மேல்முனையில் உள்ள மிச்சத்தைத் தள்ளாமல் கீழ்முனையிலிருந்து அதே அளவைத் தள்ளுகிறது. நம் பைட் கணக்கில் சொன்னால் 0 முதல் 55 வரை தள்ளிவிட்டு 56 முதல் 255 வரை ஏற்பது. அதுவும் 200 மதிப்புகள்தான், அடுத்தடுத்து வருபவை என்பதால் மீதிகள் ஆளுக்கு இரண்டாகவே விழும். தள்ள வேண்டிய எண்ணிக்கையை அது இப்படிக் கணக்கிடுகிறது:

```c
min = -upper_bound % upper_bound;
```

குறியில்லாத 32 பிட் எண்ணில் `-upper_bound` என்பது 2^32இலிருந்து அதைக் கழித்த மதிப்பு. ஆகவே இந்த வரி, 2^32 என்ற எண்ணை 32 பிட்டுக்குள் எழுத முடியாத சிக்கலைத் தாண்டி, அதன் மீதியைச் சரியாகத் தந்துவிடுகிறது. இதை அப்படியே நகல் எடுத்து `uint8_t` வகைக்கு மாற்றினால் வினை வந்து சேரும். சி மொழி சிறிய வகைகளைக் கணக்குக்கு முன் `int` ஆக உயர்த்திவிடும். `-100 % 100` என்பது சாதாரண முழு எண்களில் 0. தள்ள வேண்டியது எதுவுமில்லை என்று புரோகிராம் முடிவு செய்து, பழைய பாரபட்சத்தோடு அமைதியாக ஓடும். கம்பைலரும் பிழை என்று சொல்லாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புரோகிராமைப் பல்லாயிரம் முறை ஓட்டி, ஒவ்வொரு டோக்கனும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுவது எல்லோருக்கும் தோன்றும் சோதனை. நம் பைட் கணக்கில் இது வேலை செய்யும். ஒரு லட்சம் முறை ஓட்டினால் ஒவ்வொரு டோக்கனும் சுமார் 1,000 முறை வர வேண்டும்; இயல்பான ஏற்ற இறக்கம் 30 சொச்சம் இருக்கும். சாய்வுள்ள புரோகிராமில் முன்வரிசை டோக்கன்கள் 1,170ஐச் சுற்றியும் பின்வரிசை டோக்கன்கள் 780ஐச் சுற்றியும் நிற்கும். வரைபடம் போட்டால் 56க்கும் 57க்கும் இடையே படிக்கட்டு போல ஓர் இறக்கம் கண்ணில் படும்.

ஆனால் மூலம் பெரிதாகிவிட்டால் இந்தச் சோதனை கைவிட்டுவிடும். ஒரு பைட்டுக்குப் பதில் 32 பிட் எண் வாங்கி `% 100` போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2^32 என்பது 4,294,967,296. அதை 100ஆல் வகுத்தால் மீதி 96. முதல் 96 டோக்கன்களுக்கு ஆளுக்கு 42,949,673 பங்கு. கடைசி நான்கு டோக்கன்களுக்கு ஆளுக்கு 42,949,672 பங்கு. நாலே கால் கோடியில் ஒன்று வித்தியாசம். இதை ஓட்டி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு டோக்கனும் ஆயிரம் லட்சம் கோடி முறைக்கு மேல் வர வேண்டும். ஆகவே புள்ளியியல் சோதனையில் தேறிய புரோகிராம் சரியானது என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனைக்குத் தெரியும் அளவுக்குப் பிழை பெரிதாக இல்லை என்று மட்டுமே சொல்லலாம்.

இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ராண்டம் எண்ணே தேவையில்லை. மூலம் தரக்கூடிய ஒவ்வொரு மதிப்பையும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஃபங்ஷனுக்குள் செலுத்தி விடைகளை எண்ணுங்கள்.

```python
from collections import Counter

n = 100
limit = 256 - 256 % n
c = Counter(r % n for r in range(256) if r < limit)
assert len(c) == n and len(set(c.values())) == 1
```

ஏற்கப்பட்ட மதிப்புகளில் `n` விடைகளும் வருகின்றனவா, எல்லாம் ஒரே எண்ணிக்கையில் வருகின்றனவா என்று கடைசி வரி பார்க்கிறது. `n`ஐ 1 முதல் 256 வரை மாற்றி ஓட்டினால் 65,536 வகுத்தல்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். `r <= limit` என்ற பிழையையும், `uint8_t` பிழையையும், சோதிக்காத இரண்டாவது பைட்டையும் இந்த முறை தப்பவிடாது. 32 அல்லது 64 பிட் ஃபங்ஷன் எழுதுகிறவர்கள் பிட் எண்ணிக்கையை ஒரு மாறியாக வைத்து எழுதி, 8 பிட்டில் முழுமையாகச் சோதித்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போவது நல்ல பழக்கம்.

நாலு கோடியில் ஒன்று என்றால் விட்டுவிடலாமா?

ஒரே ஒரு வீட்டுக் குலுக்கலுக்கு 32 பிட் மூலமும் `% 100` சாய்வும் நடைமுறையில் யாரையும் பாதிக்காது; இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் சாய்வின் அளவைத் தீர்மானிப்பது மூலத்தின் அளவு மட்டுமல்ல. வரம்பு அந்த மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதும்தான். அதே 32 பிட் எண்ணை 300 கோடிக்கு `%` போட்டால், 0இலிருந்து சுமார் 129 கோடியே 50 லட்சம் வரை உள்ள எண்கள் இரண்டு தடவையும், மற்றவை ஒரே தடவையும் வரும். நியாயப்படி அந்த முன்பகுதிக்கு 43 சதவீதம் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ 60 சதவீதம்.

இப்படிப்பட்ட நெருக்கம் ஓர் அரசுத் தரத்துக்குள்ளேயே இருந்தது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1994இல் வெளியிட்ட டிஜிட்டல் கையெழுத்து முறைக்கு டிஎஸ்ஏ என்று பெயர். அதில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய ராண்டம் எண் வேண்டும். அந்த எண் `q` என்ற பகா எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். `q` 2^159க்கும் 2^160க்கும் இடைப்பட்டது. தரத்தில் சொல்லப்பட்ட முறை, 160 பிட் எண் ஒன்றை உருவாக்கி `q`ஆல் வகுத்து மீதியை எடு என்பது. மூலமும் வரம்பும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே 2^160க்கும் `q`வுக்கும் இடையே மிஞ்சுகிற அத்தனை மதிப்புகளும் சிறிய எண்களின் மேல் போய் விழுந்து, அவற்றை இரட்டை வாய்ப்பு உள்ளவையாக ஆக்கின.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேனியல் பிளைஷன்பாஹர் இந்தச் சாய்வைக் கண்டுபிடித்தார். ஒரே சாவியால் போடப்பட்ட ஏராளமான கையெழுத்துகளைச் சேர்த்தால், ஒவ்வொன்றிலும் கசியும் சிறு தகவலைத் திரட்டி ரகசியச் சாவியையே மீட்க வழி உண்டு என்று அவர் 2001இல் காட்டினார். அன்றைய கணினிகளுக்கு அது மிகப் பெரிய வேலைதான். ஆனாலும் நிஸ்ட் அதே ஆண்டு தரத்தைத் திருத்தியது. 160 பிட் எண்கள் இரண்டை உருவாக்கி, அடுத்தடுத்து ஒட்டி 320 பிட் ஆக்கி, பிறகு `q`ஆல் வகுக்கச் சொன்னது புதிய முறை. மூலம் வரம்பைவிட 160 பிட் பெரிதாகிவிட்டதால் சாய்வு எந்தக் கணக்குக்கும் எட்டாத அளவுக்குச் சுருங்கியது.

எதையும் தள்ளாமல், தேவைக்கு மேல் நிறையப் பிட் வாங்கிச் சாய்வைப் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குக் கரைத்துவிடும் இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் எடுக்க வேண்டிய இடங்களில் இது வசதி. நிஸ்ட் தரங்கள் 64 பிட் கூடுதலாக வாங்கும் முறையை வகுத்துள்ளன. இங்கே சாய்வு இருக்கிறது, ஆனால் அதன் உச்ச அளவு நமக்குத் தெரியும். தெரிந்து ஏற்றுக்கொள்வதற்கும், `%` போட்டுவிட்டு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போவதற்கும் பெரிய தூரம் உண்டு.

வகுக்காமலே எடுப்பது

ஏற்று-தள்ளும் முறைக்கு ஒரு செலவு உண்டு: எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல், மீதி எடுக்க இன்னொரு வகுத்தல். பிராசஸர்களில் பெருக்கலைவிட வகுத்தல் மெதுவானது. ஒரு பெரிய பட்டியலைக் கலைத்துப் போடும்போது ஒவ்வொரு படியிலும் வரம்பு ஒன்று குறைந்துகொண்டே வருவதால், எல்லையை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளவும் முடியாது. கனடாவின் கியூபெக்கில் பணிபுரியும் பேராசிரியர் டேனியல் லெமியர் 2019இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஓர் அழகான விடை தருகிறது.

நாம் முன்பு கைவிட்ட பெருக்கல் முறையிலிருந்தே அது தொடங்குகிறது. பைட்டை 100ஆல் பெருக்குங்கள். பெருக்குத்தொகையை 256ஆல் வகுத்த ஈவு விடை. இது பிட்களை எட்டு இடம் நகர்த்துவதுதான், உண்மையான வகுத்தல் அல்ல. மிஞ்சும் கீழ் 8 பிட்களைத் தனியே பாருங்கள். அது 56க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பைட்டைத் தள்ளிவிடுங்கள்.

பைட் 0 வந்தால் பெருக்குத்தொகை 0, கீழ்ப்பகுதி 0, தள்ளு. பைட் 1 வந்தால் 100, பைட் 2 வந்தால் 200. இரண்டுக்கும் விடை 0, ஏற்கலாம். பைட் 3 வந்தால் 300, விடை 1, ஆனால் கீழ்ப்பகுதி 44, தள்ளு. பைட் 4க்கும் 5க்கும் 400, 500, விடை 1, கீழ்ப்பகுதி 144, 244, ஏற்கலாம். பைட் 6க்கும் 7க்கும் 600, 700, விடை 2, கீழ்ப்பகுதி 88, 188, ஏற்கலாம். பைட் 8 வந்தால் 800, கீழ்ப்பகுதி 32, தள்ளு. மூன்று பங்கு வாங்கிய எண்களிலிருந்து மட்டும் ஒன்று கழிந்து, எல்லோரும் இரண்டில் வந்து நிற்கிறார்கள்.

ஏன் இப்படி அமைகிறது என்பதும் எளிதுதான். ஒவ்வொரு விடைக்கும் பெருக்குத்தொகையில் 256 நீளமுள்ள ஓர் இடைவெளி உரியது. அதன் முதல் 56 இடங்களை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 200 நீளம். அடுத்தடுத்த 200 முழு எண்களுக்குள், எங்கே தொடங்கினாலும், 100இன் மடங்குகள் சரியாக இரண்டே இருக்கும். கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

வேகம் வருவது அடுத்த படியில். தள்ள வேண்டிய அளவான 56 எப்போதும் `n`ஐவிடச் சிறியது. ஆகவே கீழ்ப்பகுதி `n` அல்லது அதற்கு மேல் இருந்தால், 56 என்ற அந்த எண்ணைக் கணக்கிடாமலே ஏற்றுக்கொள்ளலாம். 32 பிட் மூலத்தில் `n` 100 என்றால், கீழ்ப்பகுதி 100க்குக் கீழே போவது நாலு கோடிக்கு மேற்பட்ட தடவைகளில் ஒருமுறை. மற்ற எல்லாத் தடவையும் ஒரு பெருக்கல், ஓர் ஒப்பீடு, வேலை முடிந்தது.

எங்கே எதைப் பயன்படுத்துவது?

பெரும்பாலான இடங்களில் இதையெல்லாம் நாமே எழுத வேண்டியதில்லை. பைத்தானில் `secrets.randbelow(100)`, ஜாவாவில் `SecureRandom` வகுப்பின் `nextInt(100)`, கோ மொழியில் `crypto/rand` தொகுப்பின் `rand.Int`, நோட் சூழலில் `crypto.randomInt` ஆகியவை உள்ளுக்குள் ஏற்று-தள்ளும் வேலையைச் செய்துவிடுகின்றன. பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டில்தான் கவனம் வேண்டும்: `crypto.getRandomValues` வெறும் பிட்களைத் தருகிறது, வரம்புக்குள் கொண்டுவரும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிடுகிறது. `%` நுழைவது அந்த இடத்தில்தான். சி மொழியின் `rand()` இன்னும் மோசம். அது தரும் மிகப் பெரிய எண் `RAND_MAX`; தரப்படி அது 32,767 ஆக இருந்தாலே போதும். மைக்ரோசாஃப்ட் சி லைப்ரரியில் அது 32,767 மட்டுமே. பட்டியலில் 40,000 பேர் இருந்தால் `rand() % 40000` கடைசி 7,232 பேரை ஒருநாளும் தேர்ந்தெடுக்காது.

அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் பரிசீலிக்கும்போது ராண்டம் எண்ணும் `%` குறியும் ஒரே வரியில் கண்ணில் பட்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூலம் மொத்தம் எத்தனை மதிப்புகளைத் தரும்? அந்த எண்ணிக்கை வரம்பின் அளவால் மீதியில்லாமல் வகுபடுமா? வகுபடாது என்றால், மிச்சமாகும் மதிப்புகள் தள்ளப்படும் வரியைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், சாய்வு எவ்வளவு, அது யார் பக்கம் சாய்கிறது, ஏன் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு எண்ணோடு ஒரு விளக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த வரியைத் திருப்பி அனுப்புங்கள். 57ஆம் டோக்கன்காரருக்கு அந்தப் பாரபட்சம் வெளியிலிருந்து ஒருநாளும் தெரியவராது.